வளைவு மடங்கும் இடத்தில்தான் முழு வாட்

"சோலார் பேனல் தாளில் Voc 46 வோல்ட், Isc 9.2 ஆம்ப். பெருக்கினால் 423 வாட். 330 என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள்!" (பாலக்கோடு விவசாயிகளிடையே சுற்றும் வாட்ஸ்அப் செய்தி)

தவறு. அந்த இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் வருவதில்லை. 46 வோல்ட் என்பது எதையும் இணைக்காதபோது; அப்போது ஆம்ப் பூஜ்யம். 9.2 ஆம்ப் என்பது இரு முனைகளையும் நேராகச் சேர்த்தால். அப்போது வோல்ட் பூஜ்யம்.

சரி, பேனலின் வோல்ட்-ஆம்ப் வளைவின் மேல் விரலை நகர்த்துங்கள். 30 வோல்ட்டில் 9.1 ஆம்ப், அதாவது 273 வாட். கோடு மடங்கும் 37.5 வோல்ட்டில் 8.8 ஆம்ப், 330 வாட். அதைத் தாண்டி 42-க்குப் போனால் ஆம்ப் 6 ஆகச் சரிந்து 252 வாட்தான்.

அந்த 330-உம் செல் 25 டிகிரியில் இருக்கும்போதுதான். சித்திரை வெயிலில் செல் 60 டிகிரியைத் தொட்டால், டிகிரிக்கு 0.4 சதவீதம் என்ற கணக்கில் சுமார் 46 வாட் குறையும்.