தப்பான விலையைத் தயங்காமல் சொல்லும் ஃபார்முலா

எக்செல் ஃபார்முலா பிழை என்று காட்டினால்கூடப் பரவாயில்லை. தப்பான விலையைச் சரியான விலைபோலவே காட்டுகிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை!

காரைக்குடியில் நான் கணக்குப் பார்க்கும் கடையில் ஆத்தங்குடி டைல்ஸ் விற்கிறோம். வடிவ எண், வண்ண எண், அளவு ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் விலை. எக்செல் கோப்பைச் செய்து கொடுத்தவர் மூன்றையும் ஒட்டித் தேடும்படி எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்:

```
=INDEX($D$2:$D$5000, MATCH(F2&G2&H2,
 $A$2:$A$5000&$B$2:$B$5000&$C$2:$C$5000, 0))
```

ஒட்டினால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா? வடிவம் 11, வண்ணம் 2, அளவு 10. ஒட்டினால் 11210. வடிவம் 1, வண்ணம் 12, அளவு 10. ஒட்டினால் அதுவும் 11210! MATCH மேலிருந்து தேடி, முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். சதுர அடிக்கு 110 ரூபாய் சொல்ல வேண்டிய கல்லுக்கு 85 ரூபாய் என்று வந்தது. பழைய வீட்டுத் தளத்தைப் புதுப்பிக்க 600 சதுர அடி கேட்ட ஆச்சியிடம் முன்பணமும் வாங்கியாகிவிட்டது. 15,000 ரூபாய் போனது. கொடுத்த வாக்கை மாற்ற முடியுமா?

ஒட்டவே வேண்டாம், ஐயா! ஒவ்வொரு நிபந்தனையையும் தனித்தனியாகச் சோதித்து, விடைகளைப் பெருக்குங்கள். மூன்றும் உண்மையாக இருக்கும் வரியில் மட்டும் 1 வரும். ஒன்று பொய்த்தாலும் 0 ஆகிவிடும். அந்த 1-ஐத் தேடினால் போதும்:

```
=XLOOKUP(1, ($A$2:$A$5000=F2)*($B$2:$B$5000=G2)*
 ($C$2:$C$5000=H2), $D$2:$D$5000, "விலை இல்லை", 0, -1)
```

கடைசியில் இருக்கும் -1 அலங்காரத்துக்கு அல்ல. விலை ஏறும்போது எங்கள் கடையில் பழைய வரியை அழிக்காமல் புதிய வரியைக் கீழே சேர்ப்பார்கள். அந்த -1 இல்லையென்றால் பழைய விலைதான் கிடைக்கும். இருந்தால் தேடல் கீழிருந்து தொடங்கும். எக்செல் 2019 வரையுள்ள பதிப்புகளில் XLOOKUP கிடையாது, #NAME? என்றுதான் வரும். அங்கே இதை எழுதுங்கள், இதுவும் கடைசி வரியின் விலையையே தரும்:

```
=LOOKUP(2, 1/(($A$2:$A$5000=F2)*($B$2:$B$5000=G2)*
 ($C$2:$C$5000=H2)), $D$2:$D$5000)
```

இதையெல்லாம்விட என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது வேறொன்று. பட்டியலில் சில அளவுகளுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தது. அதனால் பொருந்தாமல் #N/A வந்திருக்கிறது. TRIM போட்டு இடைவெளியை நீக்கியிருந்தால் தீர்ந்திருக்கும். அந்த மனிதரோ IFERROR போட்டு 0 என்று மூடிவைத்துவிட்டார்! பில்லில் ஐந்து வகைக் கல், அதில் ஒன்றுக்கு விலை பூஜ்யம், கூட்டுத்தொகை மட்டும் பார்க்க அழகாக இருக்கிறது. வண்டி ஏற்றும் அவசரத்தில் யார் கண்ணில் படும்? இனி விலைக் கட்டத்தில் யாரும் IFERROR போடக் கூடாது என்று முதலாளியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.