கரகம் ஆடியவரின் பெயரையும் போடுங்கள்

ஒருவர் ஆடிய ஆட்டத்தை எடுத்து, அவர் உடம்பை அழித்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொருவரை ஆட வைக்கிற வீடியோக்கள் இப்போது கடை விளம்பரம் வரைக்கும் வந்துவிட்டன. முகத்தை மட்டும் மாற்றுகிற பழைய வேலை இல்லை இது. தலை முதல் பாதம் வரை ஆள் மாறுகிறார், உடுப்பு மாறுகிறது, அசைவு மட்டும் பழைய ஆளுடையதாகவே இருக்கிறது. பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ, விளம்பரம் என்று எடிட்டிங் வேலை பார்க்கிறவன் நான். என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். அசைவைக் கொடுத்தவரிடம் கேட்காமல், சம்பளம் கொடுக்காமல், பெயர் போடாமல் இதைச் செய்யக் கூடாது.

ஒரு ஜவுளிக்கடைக்காரர் என்னிடம் வந்தார். அவர் கடைப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு மாடலிங் செய்கிற ஒரு பெண் கரகம் ஆட வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கரகம் தெரியாது. "கோயில் கொடையில ஆடுன வீடியோ யூடியூப்ல ஆயிரம் கிடக்கு தம்பி, ஒண்ண எடுத்து இந்தப் புள்ளைய மாட்டி விட்டுருங்க" என்றார். அப்படி எடுக்க மாட்டேன், ஆடுகிறவரையே கூப்பிட்டு எடுப்போம் அண்ணாச்சி என்றேன். கொஞ்சம் முனகினார், அப்புறம் ஒத்துக்கொண்டார். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு கரகாட்டக்கார அக்கா வந்தார்கள். அந்த வேலையில் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, ஆடியவரின் வீடியோவில் ஒவ்வொரு ஃப்ரேமிலும் மூட்டுகள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது. போஸ் எஸ்டிமேஷன் என்பது இதைத்தான். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால், முகத்தில் சில என்று பொதுவாக 17 புள்ளிகள், விரல்களும் வேண்டுமென்றால் கைக்கு 21 வீதம் கூடுதல். புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தால் கறுப்புத் திரையில் கலர் குச்சி மனிதர் ஒருவர் ஆடுவார். அந்தக் குச்சி வீடியோவையும் மாடல் பெண்ணின் ஒரு போட்டோவையும் சேர்த்துக் கொடுத்தால் கம்ப்யூட்டர் புது ஆளை வரைகிறது. 2018-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக்காரர்கள் இதைச் செய்து காட்டியபோது, யாரை ஆட வைக்க வேண்டுமோ அவரையே பல நிமிடம் வீடியோ எடுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு போட்டோ போதும் என்றாகிவிட்டது.

கவனியுங்கள், அந்தக் குச்சி உருவத்தில் துணியே கிடையாது. சேலை எப்படி அசையும் என்பது முழுக்க ஊகம்.

எங்களுக்குச் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அக்கா போட்டிருந்தது முழங்காலுக்கு மேலே நிற்கிற ஜிகினாப் பாவாடை, கால் நன்றாகத் தெரியும், அதனால் குச்சி சுத்தமாக வந்தது. ஆனால் பழைய ஆளை அழிப்பதற்கு அவர் உருவத்தைச் சுற்றி வெட்டுக்கோடு போட வேண்டும், அதை மாஸ்க் என்போம். கால் இரண்டையும் ஒட்டி இறுக்கமாக மாஸ்க் போட்டேன். புதுச் சேலைக்கு அந்தக் கால் வடிவத்துக்குள் மட்டும்தான் இடம் கிடைத்தது, நடுவில் பின்னணி அப்படியே நின்றது, பட்டுச்சேலை பேண்ட் மாதிரி இரண்டாகப் பிளந்து வந்தது! மாஸ்க்கைத் தாராளமாக அகட்டி, இடுப்பிலிருந்து தரை வரை கட்டம் கட்டமாகப் போட்ட பிறகுதான் சேலை சேலையாக விழுந்தது. மாஸ்க்கின் ஓரம் பழைய உடுப்பின் வடிவத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது இந்த வேலை செய்கிற யாருக்கும் முதலில் தெரிய வேண்டிய விஷயம்.

அடுத்தது சுழற்சி. அக்கா ஒரு சுற்றுச் சுற்றி முதுகைக் காட்டும்போது இடது கால் எது, வலது கால் எது என்று போஸ் புரோகிராம் குழம்பிவிட்டது. குச்சியில் இரண்டுக்கும் வேறு வேறு நிறம், ஒரே ஒரு ஃப்ரேமில் நிறம் மாறிக்கொண்டது. கடைசி வீடியோவில் அந்த இடத்தில் கால் ஒன்றையொன்று ஊடுருவிப் போகிறது. அதனால் முழு வீடியோவைத் தயாரிக்கும் முன்பே குச்சி வீடியோவை மட்டும் ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அதோடு, போட்டோவில் மாடலின் முன்பக்கம்தான் இருந்தது. முதுகுப்பக்க ஜாக்கெட்டை அதுவே கற்பனை செய்தது, திரும்பி முன்னால் வந்தபோது சேலைக் கரை ஒரு விரல் அகலம் கூடியிருந்தது, கொசுவம் எண்ணிக்கையில் குறைந்திருந்தது. கடைக்காரர் முதலில் கண்டுபிடித்ததே அதைத்தான். "இது நம்ம கடைச் சேலையே இல்ல தம்பி" என்றார். சரிதான், சேலை விற்கிற விளம்பரத்தில் கரை மாறினால் அப்புறம் என்ன விளம்பரம்? முதுகைக் காட்டும் துண்டுகளை வெட்டிவிட்டு, நேராக ஆடும் சில விநாடித் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஆனால் என்னை நிஜமாகவே யோசிக்க வைத்தது தலையில் இருந்த கரகம். மூட்டுப் புள்ளிகளில் கரகம் கிடையாது, உடம்பில் இருப்பதை மட்டும்தான் அந்தப் புரோகிராம் அறியும். கரகத்தை மாஸ்க்குக்கு வெளியே விட்டேன், பழைய கரகம் அப்படியே நின்றது. மாடல் பெண் அக்காவைவிட உயரம், அவருடைய உயரத்துக்கு ஏற்ப குச்சியை நீட்டினால் தலை மேலே போய்க் கரகத்துக்குள் புதைகிறது. நீட்டாமல் விட்டால் மாடல் குட்டையாகிவிடுகிறார். சரியென்று கரகத்தையும் மாஸ்க்குக்குள் போட்டு, மாடல் தலையில் கரகம் வைத்துப் போட்டோ எடுத்துக் கொடுத்தேன். இப்போது கரகம் தொப்பி மாதிரி தலையோடு ஒட்டிக்கொண்டது. தலை சாய்ந்தால் அதுவும் அதே அளவு சாய்கிறது.

நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்த யாருக்கும் இது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரியும். உடம்பு முழுக்க ஆடும்போது மேலே கரகம் ஆடாமல் நிற்பதுதான் அந்தக் கலை. கரகம் ஒரு இம்மி சரியும்போதே கழுத்தும் இடுப்பும் அதைப் பிடித்து நிறுத்தும், அந்தப் பதில் அசைவுக்காகத்தான் அக்கா சின்ன வயசிலிருந்து பழகியிருக்கிறார்கள். கழுத்தும் இடுப்பும் போடுகிற அந்த அசைவு குச்சியில் முழுசாகப் பதிவாகிறது, எதற்காக அசைகிறது என்பது மட்டும் பதிவாவதில்லை. திரையில் மாடல் பெண் காரணமே இல்லாமல் கழுத்தை வெட்டிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வெட்டிலேயே அக்காவின் பல வருஷப் பழக்கம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகம் போனாலும், சேலை மாறினாலும், அந்த அசைவு அவர்களுடையது.

யூடியூபிலிருந்து எடுத்து மாட்டியிருந்தால் இதை யார் கேட்பார்கள்? பாட்டைத் திருடினால் காதில் விழும், போட்டோவைத் திருடினால் முகம் தெரியும். இதில் முகமும் இல்லை, உடுப்பும் இல்லை. ஆடியவரே பார்த்தால்கூட சந்தேகம் வருமே தவிர நிரூபிக்க முடியாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில், 1957-ஆம் வருஷச் சட்டம், நிகழ்த்துகிறவர் என்ற வரையறைக்குள் நடனம் ஆடுகிறவரும் இருக்கிறார். 2012 திருத்தத்துக்குப் பிறகு, இது என் நிகழ்ச்சி என்று அடையாளம் சொல்லும்படி கேட்கிற உரிமையும் அவருக்கு உண்டு. குச்சி உருவம் அதற்குள் வருமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். நாம் அதுவரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

எங்கள் விளம்பரத்துக்கு ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதினோம். அசைவு இந்த ஒரு விளம்பரத்துக்கு மட்டும், வேறு ஆளுக்கோ வேறு உடுப்புக்கோ மாட்டக் கூடாது, குச்சி வீடியோவை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, கடைசியில் "ஆட்டம்" என்று போட்டு அக்கா பெயர் வர வேண்டும். அக்கா கையெழுத்துப் போடும் முன் தானே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள், "அரைகுறை உடுப்புல யாரையும் என் ஆட்டத்துல ஆட விடக் கூடாதுன்னு எழுதுங்க தம்பி." நான் யோசிக்காத விஷயம் அது. இனிமேல் நான் எழுதுகிற எல்லா ஒப்பந்தத்திலும் அந்த வரி இருக்கும். கொடைக்கு ஆடப் போகிற செட்டுக்காரர்களும், வீடியோ எடுக்க அனுமதி கொடுக்கும்போதே இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். மாதிரி வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.