வேர்ட் ஃபைல்ல இருக்குற போட்டோவ ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீங்க, ஒரிஜினலே உள்ளதான் இருக்கு

போன மாசம் ஒரு ஆச்சி காரைக்குடில நம்ம கடைக்கு வந்தாங்க, கையில ஒரு பென்டிரைவ், கூடவே வேற ஒரு இடத்துல போட்டுக் குடுத்த புரூஃப் புத்தகம். பிரிச்சுப் பாத்தா போட்டோ எல்லாம் மங்கல், வீட்டு நிலையில செதுக்கியிருக்குற லட்சுமிக்கு மூக்கும் தெரியல கண்ணும் தெரியல, ஆத்தங்குடிக் கல்லுல இருக்குற பூவெல்லாம் கட்டம் கட்டமா உடைஞ்சு நிக்குது. "பழைய கேமரா போட்டோ ஆச்சி, இவ்வளவுதான் வரும்"னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தேகம். எப்படி எடுத்தாங்கன்னு கேட்டேன். "கம்ப்யூட்டர்ல தொறந்து வெச்சு ஒவ்வொண்ணா புடிச்சாக தம்பி"ன்னாங்க. அதாவது ஸ்கிரீன்ஷாட்.

விஷயம் என்னன்னா, அந்த வீடே இப்ப இல்ல. கானாடுகாத்தான் பக்கத்துல ஆச்சியோட ஐயா கட்டின வீடு, பங்காளிக எல்லாம் சேந்து பேசி, பிரிச்சு வித்தாச்சு, தூணும் கதவும் எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாது. அதுக்கு முன்னாடி 2012ல ஆச்சியோட அண்ணன் முகப்புல ஆரம்பிச்சு வளவு, பட்டாலை, ரெண்டாங்கட்டு, அடுப்படி வரைக்கும் நிதானமா போட்டோ எடுத்து, ஒவ்வொண்ணுக்குக் கீழயும் ரெண்டு வரி எழுதி, ஒரு வேர்ட் ஃபைலா வெச்சிருந்தாரு. அவரும் தவறிட்டாரு, கேமரா கார்டும் போச்சு, லேப்டாப்பும் போச்சு. மிஞ்சினது அந்த ஒரு வேர்ட் ஃபைல். அதுலருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து புத்தகம் போட்டு, இவ்வளவுதான் வரும்னு சொன்னா எப்படிங்க மனசு ஆறும்?

பென்டிரைவைப் போட்டு நான் மொதல்ல பாத்தது ஃபைலோட சைஸைத்தான். 112 எம்பி. மொத்தம் 31 போட்டோ. வகுத்துப் பாத்தா ஒரு போட்டோவுக்கு மூணரை எம்பிக்கு மேல வருது. அப்பவே தெரிஞ்சு போச்சு, கேமராவுல வந்த போட்டோ அப்படியே உள்ள உக்காந்திருக்கு. எழுத்து மட்டும் எத்தனை பக்கம் இருந்தாலும் இவ்வளவு கனம் வராது.

இது எப்படின்னா, docx-னு முடியுற ஃபைல் நெசத்துல ஒரு zip பொட்டலம். 2007ல வந்த வேர்ட்லருந்து இப்படித்தான். எழுத்து தனி ஃபைலா, ஸ்டைல் தனி ஃபைலா, படம் ஒவ்வொண்ணும் தனித்தனி ஃபைலா உள்ள கெடக்கும், வேர்ட் அதையெல்லாம் சேத்து நமக்குப் பக்கமாக் காட்டுது. நாம ஓரத்தைப் புடிச்சு படத்தைச் சின்னதாக்கினா, காட்டுற அளவுதான் சின்னதாகுது, உள்ள இருக்குற படம் சின்னதாகல. அதனால பொட்டலத்தைப் பிரிச்சா படம் கெடைக்கும்.

எப்படிப் பிரிக்குறதுன்னா, மொதல்ல ஃபைலுக்கு ஒரு காப்பி போட்டுக்கங்க, ஒரிஜினலைத் தொடவே வேணாம். விண்டோஸ்ல போல்டர் மேல View-ல File name extensions-னு இருக்கும், அதை டிக் பண்ணுங்க. இதைப் பண்ணாமத்தான் பாதிப் பேரு "வரல"ன்னு சொல்றாங்க, ஏன்னா பேரு மாத்துனதா நெனச்சிருப்பாங்க, ஃபைல் உள்ளுக்குள்ள veedu.zip.docx-னு ஆகியிருக்கும், திரும்ப வேர்ட்லயே தொறக்கும். வால் தெரிஞ்சதும் காப்பியோட பேர்ல .docx-ஐ எடுத்துட்டு .zip-னு போடுங்க, ஃபைல் கெட்டுப் போகலாம்னு ஒரு எச்சரிக்கை வரும், Yes குடுங்க, ஒண்ணும் ஆகாது. அப்புறம் ரைட் கிளிக், Extract All. உள்ள word-னு ஒரு போல்டர், அதுக்குள்ள media-னு ஒரு போல்டர், அவ்வளவுதான், image1.jpeg, image2.jpeg-னு வரிசையா நிக்கும். 7-Zip வெச்சிருக்கவங்க பேரே மாத்த வேணாம், ரைட் கிளிக்ல Open archive குடுத்தாலே உள்ள போயிடலாம். கமாண்ட் அடிச்சுப் பழக்கம் இருந்தா, விண்டோஸ் 10, 11ல இந்த ஒரு வரி போதும்:

```
tar -xf veedu.docx word/media
```

ஆச்சி பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துதான் இருந்தாங்க. முதல் படத்தைத் தொறந்தேன், 4000 புள்ளி அகலம், 3000 புள்ளி உயரம். புரூஃப் புத்தகத்தோட சிடியும் குடுத்திருந்தாங்க, அதுல அதே படம் 576க்கு 432. இந்த 576 எங்கருந்து வருதுன்னா, பக்கத்துல படம் 6 இஞ்ச் அகலம், வேர்ட்ல 100 சதவீதம் வெச்சுப் பாக்கும்போது சாதாரண ஸ்கிரீன் இஞ்சுக்கு 96 புள்ளிதான் காட்டும், ஆறை 96ஆல பெருக்கிப் பாருங்க. புத்தகத்துல அதை 8 இஞ்ச் அகலத்துக்கு இழுத்திருக்காங்க, அப்ப இஞ்சுக்கு 72 புள்ளி. அச்சுக்கு 300 இருந்தாத்தான் சுத்தமா விழும், அதாவது 2400 புள்ளி வேணும். ஜூம் பண்ணி எடுத்தாலும் சாதா லேப்டாப் ஸ்கிரீனே 1366 புள்ளி அகலந்தான், அதுக்கு மேல ஸ்கிரீன்ஷாட்டால ஒரு புள்ளி கூடத் தர முடியாது. ஒரிஜினல்ல 4000 இருக்கு, தேவைக்கும் மேலயே இருக்கு. லட்சுமி கழுத்துல இருக்குற மணி ஒவ்வொண்ணா எண்ணலாம், நெலையில எங்க எண்ணெய் கறை புடிச்சிருக்குன்னு கூடத் தெரியுது.

இதுல அந்த அண்ணனோட அக்கறைய சொல்லியே ஆகணும். வேர்ட் சும்மா விட்டா, சேவ் பண்ணும்போது படத்தைக் குறைச்சிரும், பல வெர்ஷன்ல நாம மாத்தாத வரைக்கும் இஞ்சுக்கு 220 புள்ளிதான். File, Options, Advanced போனா Image Size and Quality-னு ஒரு பகுதி, அதுல Do not compress images in file-னு ஒரு கட்டம். அது ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனி. ஆச்சி ஃபைல்ல போய்ப் பாத்தா டிக் இருக்கு. 2012லயே அவரு அதைப் பண்ணி வெச்சிருக்காரு. பண்ணலன்னா 6 இஞ்ச் படம் 1320 புள்ளியாத்தான் கெடைச்சிருக்கும். உங்க ஃபைல்லருந்து எடுத்த படமெல்லாம் பக்கத்துல காட்டுற அகலத்தை 220ஆல பெருக்கின அளவுக்குச் சரியா வந்து நின்னா வேர்ட் ஏற்கனவே சுருக்கிருச்சுன்னு அர்த்தம், அதைத் திரும்பக் கொண்டுவர வழி இல்ல. ஆனா அப்பவும் 576க்கு 1320 ரெண்டு மடங்குக்கு மேலதானே. அதே மாதிரி வாட்ஸ்அப்ல சாதாரணமா வந்த போட்டோவ வேர்ட்ல போட்டிருந்தா, அது உள்ள போகும்போதே சின்னதாயிருச்சு, பொட்டலத்துல அந்தச் சின்னதுதான் இருக்கும்.

அதனாலதான் சொல்றேன், இந்த மாதிரி ஒரே ஒரு காப்பி மிஞ்சின ஃபைலைத் தொறந்து பாத்துட்டு கை மறந்து Ctrl+S அடிச்சிராதீங்க. பழைய .doc ஃபைலா இருந்தா இந்த zip வேலை நடக்காது, அது வேற அமைப்பு. வேர்ட்ல தொறந்து, மொதல்ல அந்தக் கட்டத்தை டிக் பண்ணிட்டு, அப்புறம் Save As குடுத்து docx ஆக்கிப் பிரிக்கணும். வரிசை மாறுச்சுன்னா சேவ் பண்ணும்போதே படம் குறைஞ்சு போகும். பாஸ்வேர்டு போட்ட docx-ம் zip-ஆத் தொறக்காது, பாஸ்வேர்டை எடுத்துட்டுத்தான் பண்ண முடியும், அங்கயும் டிக் முதல்ல.

வெளிய எடுத்த படத்துக்குப் பேரு இருக்காது, வெறும் நம்பர்தான். பெரும்பாலும் பக்க வரிசையிலதான் வரும், ஆனா அதை நம்பி வேலை பண்ண மாட்டேன், ஒரே படம் ரெண்டு எடத்துல வந்தா உள்ள ஒண்ணுதான் இருக்கும், அதோட வரிசை தள்ளிரும். ஆச்சி வேர்ட் பக்கத்தைப் பாத்துச் சொல்லச் சொல்ல "வளவு தெக்குத் தூண்", "ரெண்டாங்கட்டு முத்தம்"னு நான் பேரு மாத்திட்டே வந்தேன். படத்து மேல அண்ணன் வரைஞ்சிருந்த அம்புக்குறி எதுவும் படத்தோட வரல, அது வேர்ட் தனியா வரைஞ்சது. எந்த அறை எதுன்னு அம்பு காட்டுற அந்த ரெண்டு பக்கத்தை மட்டும் பிடிஎஃப் ஆக்கி வெச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் image17 வந்துச்சு. வேர்ட்ல அது முகப்புத் தூண் மட்டும் தெரியுற ஒல்லியான படம். வெளிய வந்தது அகலமான படம், தூணுக்கு இடது பக்கம் திண்ணை, திண்ணையில வெத்தலைப் பெட்டியத் தொறந்து வெச்சுக்கிட்டு, கேமராவப் பாக்காம குனிஞ்சு பாக்கு வெட்டிக்கிட்டு ஒரு வயசான அம்மா. ஆச்சி ஒரு நிமிஷம் பேசல. அப்புறம், "அப்பத்தா"ன்னாங்க. வீட்டைப் பத்தின புத்தகம்னு அண்ணன் அவங்களை கிராப் பண்ணி விட்டிருக்காரு. வேர்ட்ல கிராப் பண்ணா வெட்டின பகுதிய மறைக்குது, அழிக்கல. Compress Pictures-ல போய் Delete cropped areas of pictures-ஐ டிக் பண்ணிச் சேவ் பண்ணாத்தான் நெசமாப் போகும். அவரு அதைப் பண்ணல.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஆதார் கார்டு போட்டோவ வேர்ட்ல போட்டு, நம்பர் தெரியாம கிராப் பண்ணி docx-ஆவே அனுப்புறவங்க எங்கிட்டயே வாரத்துக்கு ரெண்டு பேரு வராங்க. வாங்குறவரு பொட்டலத்தைப் பிரிச்சா முழுக் கார்டும் இருக்கும். மேல ஒரு கருப்புக் கட்டத்தை வரைஞ்சு மறைச்சாலும் அதேதான், கட்டம் தனி, கார்டு தனி. போட்டோவ மொபைல்லயே வெட்டிட்டு அப்புறம் வேர்ட்ல போடுங்க.

31 படத்தையும் எடுத்து முடிக்க ரெண்டு நிமிஷம் கூட ஆகல, பேரு வெக்கத்தான் சாயங்காலம் வரைக்கும் ஆச்சு. புத்தகத்தை முதல்லருந்து போட்டுட்டு இருக்கேன். முகப்புத் தூண் படத்தை அண்ணன் வெட்டின மாதிரியே வெக்கவா, முழுசா வெக்கவான்னு ஆச்சியக் கேட்டேன். நாலு நாள் கழிச்சு போன் பண்ணாங்க. "அண்ணன் வெட்டுனது உள்ள அதே எடத்துல அப்படியே இருக்கட்டும் தம்பி, அப்பத்தாவோட இருக்குறத அட்டைக்குப் போட்டுருங்க"ன்னு சொல்லிட்டாங்க.