60 வீச்சில் 10 ஆறு விழாவிட்டால் பகடை போலியா?

"மதுரை மாசி வீதிகளில் விற்கும் பரமபதப் பகடைகள் மோசடி. 60 தடவை உருட்டிப் பாருங்கள், சரியாக 10 ஆறு விழாது. அனைவருக்கும் பகிரவும்."

இது தவறு. 10 என்பது சராசரி மட்டுமே. பழுதில்லாத பகடையிலும் 60 வீச்சில் மிகச்சரியாக 10 ஆறு விழும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம்தான். அதாவது இந்தச் சோதனையில் ஏழில் ஆறு நல்ல பகடைகள் தோற்றுப்போகும்! நம்பாதவர்கள் கணினி விரிதாளில் இதைத் தட்டிப் பார்க்கலாம், 0.137 என்று வரும்:

```
=BINOM.DIST(10,60,1/6,FALSE)
```

12ஆம் வகுப்புக் கணிதத்தின் ஈருறுப்புப் பரவலும் இதே கணக்குதான். அதன்படி, சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவான திட்டவிலக்கம் ஏறக்குறைய 2.9. ஆகவே 7 விழுந்தாலும் 13 விழுந்தாலும் வியப்பில்லை. 100 பேர் உருட்டினால் ஏறத்தாழ 95 பேருக்கு 5 முதல் 15 வரை வரும்.

வைகுண்ட ஏகாதசி இரவில் ஒருவருக்கு 16 ஆறு விழுந்தால்கூடப் பகடையைக் குறை சொல்ல முடியாது. அதே பகடை 600 வீச்சில் 160 ஆறு காட்டினால் சந்தேகப்படலாம். அங்கே எதிர்பார்ப்பு 100, திட்டவிலக்கமோ 9 அளவுதான். 60 வீச்சை வைத்துக் கடைக்காரர்மேல் பழி போடுவது அநியாயம். இந்தச் செய்தியை மேலும் பகிர வேண்டாம்.