"இல்லை" என்று சொன்னதை எல்லாம் எழுதி வைத்தோம்

குடும்பக் கடையில் வியாபாரம் படுத்துவிட்டால் பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "புதுசா ஏதாவது சரக்கு இறக்கிப் பாரு." எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புதுச் சரக்கு இறக்கக் கையில் காசு வேண்டும். படுத்த கடையில் காசு எல்லாம் அலமாரியில்தான் இருக்கும். எதை இறக்குவது என்றும் தெரியாது. இரண்டும் தெளிவாகாமல் கடன் வாங்கிச் சரக்குப் போடுகிறவர்கள் பழைய முடக்கத்தின் மேல் புது முடக்கத்தை ஏற்றுகிறார்கள் என்பதே என் கருத்து. எங்கள் கடையில் நடந்ததை விவரமாகச் சொல்கிறேன்.

அப்பா நடத்திய ஹார்டுவேர் கடை. பெயின்ட், பைப், ஆணி, கம்பி, பூட்டு எல்லாம் உண்டு. பல வருஷம் எங்களை வாழவைத்தவர்கள் வீடு கட்டித் தரும் மேஸ்திரிகளும் கான்ட்ராக்டர்களும்தான். அவர்கள் மெல்ல மெல்ல மொத்த வியாபாரியிடமே நேராக வாங்கி, சரக்கை வேலை நடக்கும் இடத்திலேயே இறக்கிக்கொள்ளத் தொடங்கினார்கள். அதோடு சுற்றுவட்டாரத்தில் கட்ட வேண்டிய வீடுகள் எல்லாம் கட்டி முடிந்துவிட்டன. இப்போது அங்கே இருப்பவர்கள் கட்டிய வீட்டில் குடியிருப்பவர்கள், பாதிப் பேர் வாடகைக்கு. எங்கள் அலமாரி மட்டும் இன்னும் வீடு கட்டுகிறவருக்காகவே நின்றுகொண்டிருந்தது.

இது எனக்கு உட்கார்ந்து யோசித்துத் தெரியவில்லை. ஒரு நோட்டு சொன்னது.

கல்லாப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். யாராவது வந்து ஏதாவது கேட்டு, நாம் "இல்லை" என்று சொன்னால் உடனே எழுத வேண்டும். தேதி, கேட்டவர் என்ன வார்த்தையில் கேட்டார், எதற்காக, அப்புறம் வேறு ஏதாவது வாங்கினாரா, வெறுங்கையோடு போனாரா. இவ்வளவுதான். அப்பாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. முப்பது வருஷம் கடையில் உட்கார்ந்தவருக்கு என்ன கேட்கிறார்கள் என்று தெரியாதா என்றார். ஆனால் "இல்லை" என்று சொன்னது நம் மனதில் தங்காது. விற்றது பில்லில் இருக்கும், விற்காமல் போனதற்கு எந்தத் தடயமும் இருக்காது. மூன்று மாதத்தில் நோட்டில் 400 வரிக்கு மேல் சேர்ந்தபோது அப்பாவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

கேட்டவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும் என்று பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. குழாய்க்குள் இருந்து தண்ணீரைத் திறந்து மூடும் பாகத்துக்கு "கார்ட்ரிட்ஜ்" என்று பெயர். நோட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை. "மூடினாலும் சொட்டுது", "கைப்பிடி சும்மா சுத்துது", "ஃப்ளஷ் டேங்கில் தண்ணி நிக்கவே மாட்டேங்குது" என்றுதான் கேட்டிருந்தார்கள். வெவ்வேறு பொருள் மாதிரித் தெரிந்த ஏறக்குறைய 90 வரிகள், குழாய்க்கும் ஃப்ளஷ் டேங்குக்கும் உள்ளே போடும் சின்னச் சின்ன பாகங்கள் என்ற ஒரே தலைப்பில் வந்து விழுந்தன. அடுத்து நின்றது சாவி நகல். அதற்கு அடுத்தது, பலகையையோ பைப்பையோ கேட்ட அளவுக்கு வெட்டித் தருவீர்களா என்பது. நாங்கள் முழு நீளமாகத்தான் விற்றுக்கொண்டிருந்தோம்.

நோட்டை அப்படியே நம்பிவிடவும் கூடாது. வாட்டர் ஹீட்டர் கேட்டு நிறையப் பேர் வந்திருந்தார்கள். தேதியைப் பார்த்தால் எல்லாம் குளிர் ஆரம்பித்த மூன்று வாரத்துக்குள். வேறு சில பொருளை ஒரே ஆள் நான்கு தடவை கேட்டிருந்தார். அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு வாரங்களில், குறைந்தது ஐந்து தடவை கேட்டிருந்தால்தான் அந்தப் பொருளைப் பற்றிப் பேசுவது. இன்னொரு குறை, கடைக்குள் வராதவர் நோட்டிலும் வரமாட்டார். அதற்காக வீடுகளில் ரிப்பேர் வேலை செய்யும் இரண்டு பிளம்பர்களிடம் போய், "எந்த சாமானுக்காக ரொம்ப தூரம் போறீங்க?" என்று கேட்டேன். அவர்கள் சொன்ன பட்டியலும் நோட்டும் பெரும்பாலும் ஒத்துப்போயின. அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது.

சரி, காசுக்கு எங்கே போவது? பழைய கொள்முதல் பில்களை எடுத்து, ஒரு வருஷமாக அசையாத ஒவ்வொரு பொருள் மேலும் சிவப்புப் பொட்டு ஒட்டினோம். இரண்டு நாள் வேலை. முடித்துவிட்டுப் பார்த்தால் பெயின்ட் அலமாரி முழுக்கச் சிவப்பாக இருந்தது. சில டப்பாக்களைத் திறந்தால் அடியில் கட்டியாகிக் கிடந்தது. சிலிகான் டியூப்களில் பாதி தேதி தாண்டியவை. தேதி தாண்டிய சிலிகான் சரியாக இறுகாது. ஒன்றைப் பிரித்துக் காகிதத்தில் ஒரு கோடு பிதுக்கி வைத்தேன், மறுநாள் காலையிலும் விரலில் ஒட்டியது. அதை விற்றிருந்தால் வாங்கியவர் அடுத்த தடவை நம் கடை வாசலை மிதிக்கமாட்டார். அத்தனையையும் தூக்கிப் போட்டோம்.

நல்ல நிலையில் இருந்ததை மொத்த வியாபாரியிடம் கொண்டுபோய், காசு வேண்டாம், வேறு சரக்காகக் கொடுங்கள் என்று கேட்டோம். ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார். மீதியை வாங்கின விலைக்கும் கீழே ஒரு கான்ட்ராக்டருக்குத் தள்ளினோம். அப்பாவுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வாங்கின விலைக்குக் கீழே கொடுப்பது தோல்வி என்றே அவர் வளர்ந்திருக்கிறார். அவரிடம் நான் காட்டிய கணக்கை இங்கேயும் எழுதுகிறேன்.

பெயின்டில் 100 பங்கு காசு போட்டிருக்கிறோம் என்று வையுங்கள். அது வருஷத்தில் ஒன்றரைத் தடவைதான் விற்றுத் திரும்புகிறது. ஒவ்வொரு தடவையும் 100க்கு 12 லாபம். ஆக வருஷத்துக்கு 18. குழாய் பாகங்களில் வெறும் 20 பங்கு போட்டால் போதும். 100க்கு 40 லாபம் நிற்கும், ஏனென்றால் சொட்டுகிற குழாயை வைத்துக்கொண்டு யாரும் நான்கு கடை ஏறி விலை விசாரிப்பதில்லை. வருஷத்தில் நான்கு தடவை திரும்பினால், 20க்கு ஒரு தடவை 8, நான்கு தடவைக்கு 32. ஐந்தில் ஒரு பங்கு காசு, ஏறக்குறைய இரண்டு மடங்கு லாபம். விற்பனைத் தொகையை மட்டும் பார்த்தால் பெயின்ட்தான் பெரிதாகத் தெரியும், அதனால்தான் அதை விட மனசு வராது. லாப விகிதத்தை மட்டும் பார்த்தாலும் தப்பு. 40 லாபம் உள்ள பொருள் வருஷத்துக்கு ஒரு தடவை கூடத் திரும்பவில்லை என்றால் அதுவும் முடங்கினதுதான். எத்தனை லாபம், எத்தனை தடவை திரும்புகிறது, இரண்டையும் பெருக்கித்தான் ஒரு அலமாரியை மதிப்பிட வேண்டும்.

அப்பா அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவரே பெயின்ட் அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்தார்.

குழாய் பாகங்களில் முதல் மாதம் நான் நிறையத் தப்பு செய்தேன். ஒரு அக்கா, ஒற்றைக் கைப்பிடி உள்ள குழாய் சொட்டுகிறது என்று வந்தார். பழைய கார்ட்ரிட்ஜைக் கொண்டுவரவில்லை. இவ்வளவு பெரிசு இருக்கும் என்று விரலால் காட்டினார். நான் 40 மில்லிமீட்டர் கொடுத்தேன். அவர் வீட்டில் இருந்தது 35. அடியின் குறுக்களவில் அந்த 5 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் உட்காரவே உட்காராது. அவர் திரும்ப வந்தார், மாற்றிக் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். அன்றைக்கு முழுக்க அவர் வீட்டில் தண்ணீரை அடைத்து வைத்திருந்திருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு பலகை செய்தோம். எங்களிடம் இருக்கும் ஒவ்வொரு பாகத்திலும் ஒன்றைப் பலகையில் கம்பியால் கட்டி, கீழே அளவை எழுதினோம். பக்கத்தில் ஒரு வெர்னியர் காலிப்பர். பழைய பாகத்தைக் கொண்டுவந்தால் அளந்து, பலகையில் இருப்பதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம். கால்வாசித் திருப்பில் மூடும் குழாயில் கைப்பிடி மாட்டும் ஸ்பிண்டிலாக இருந்தால் தலையில் உள்ள பற்களையும் எண்ணுவோம். 20 பல்லும் உண்டு, 24 பல்லும் உண்டு, பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும், கைப்பிடி மட்டும் பொருந்தாது. பாகத்தைக் கழற்றத் தெரியாதவர்கள் அதன் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னோம். பலகைக்கு மேலே கம்பெனிப் பெயர் எதுவும் எழுதவில்லை. "சொட்டுதா", "சுத்துதா", "நிக்கலையா" என்று நோட்டில் இருந்த வார்த்தைகளையே எழுதினோம். தப்பான சரக்கு திரும்பி வருவது இரண்டு மாதத்தில் வெகுவாகக் குறைந்தது.

சாவி மிஷினை வாங்காமல் முதலில் வாடகைக்குத்தான் எடுத்தோம். வெட்டாத சாவியில் கண்ட ரகமெல்லாம் வாங்கிவிடத் தோன்றும். வாங்காதீர்கள். எங்களுக்குப் பன்னிரண்டு ரகமே வருகிற வேலையில் பெரும்பகுதியைத் தாங்குகிறது. நகலை வைத்து நகல் வெட்டக் கூடாது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக அளவு விலகி, மூன்றாவது சாவி பூட்டில் திக்கும். மூலச் சாவியைத்தான் கேட்டு வாங்க வேண்டும். வெட்டியதும் பிசிறைத் தேய்த்து எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். யாருக்கு வெட்டினோம் என்று பெயரும் தேதியும் எழுதி வைக்கிறோம். சந்தேகமாக இருந்தால் வெட்டமாட்டோம். அதில் வருமானம் போனால் போகட்டும்.

ஒரு இடத்தில் கணக்கு எங்களைக் கவிழ்த்தது. எடை போட்டு விற்கும் ஆணியில் லாபமே இல்லை என்று அதை நிறுத்திவிட்டேன். ஒரு மாதத்தில் காலை வியாபாரம் விழுந்தது. பழைய பில்களைப் புரட்டினால், ஆணி வாங்க வந்த தச்சர்கள் அதோடு பசை, உப்புத்தாள், கீல் எல்லாம் வாங்கியிருந்தார்கள். ஆணி போனதும் அவர்களும் போய்விட்டார்கள். திரும்ப ஆணி போட்டோம், எல்லோரும் திரும்ப வரவில்லை. எந்தச் சரக்கையும் நிறுத்தும் முன் அது எதோடு சேர்ந்து பில்லில் வருகிறது என்று பாருங்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

பெயின்டை முழுசாக விடவில்லை. வெள்ளையும், சுவரில் சின்னச் சின்ன இடம் பூசுகிறவருக்கு வேண்டிய சின்ன டப்பாக்களும் மட்டும் வைத்திருக்கிறோம். பெரிய டப்பா கேட்டால் மறுநாள் வரவழைத்துத் தருகிறோம். இரண்டு வருஷமாகிறது. கடன் சுமை இறங்கியிருக்கிறது, மாதக் கடைசியில் மொத்த வியாபாரியின் போனை எடுக்க இப்போது தயக்கம் இல்லை.

நோட்டு இப்போது நான்காவது. இந்த மாதம் தண்ணீர் சுத்திகரிப்பானுக்கு ஃபில்டர் இருக்கிறதா என்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள், நான்கு வெவ்வேறு வாரம், நான்கு வெவ்வேறு ஆட்கள். அப்பாவே எழுதியிருக்கிறார். இன்னொருவர் கேட்கட்டும் என்று காத்திருக்கிறோம்.