ஒப்பந்தத்தைத் தமிழாக்குங்கள், கணக்கை மாற்றாதீர்கள்

சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை விட்டு வெளியேறி அடுக்குமாடி வீடு வாங்கும் குடும்பங்களுக்கு, விற்பனை ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். "அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சுருக்கிக் கொடுங்கள் அண்ணே" என்பார்கள். மற்ற பகுதிகளைச் சுருக்குவேன். தவணை, வீட்டை ஒப்படைக்கும் நாள், தாமத இழப்பீடு ஆகிய மூன்றில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்க மாட்டேன்.

அண்மையில் ஓர் அக்கா, வேறொருவர் எழுதிய தமிழ்ப் பிரதியைக் காட்டினார். "தாமதமானால் 10 விழுக்காடு இழப்பீடு" என்று மட்டும் அதில் இருந்தது. அடுக்குமாடி வீடுகளுக்கென மலேசியச் சட்டம் வகுத்துள்ள எச் அட்டவணை ஒப்பந்தம் சொல்வது அதுவன்று. வீட்டின் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு. ஒப்படைப்புக் கெடு முடிந்த நாளிலிருந்து வாங்குபவர் வீட்டைப் பெறும் நாள்வரை, நாள் கணக்கில்.

விலை 240,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 24,000, 365ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 65.75 ரிங்கிட். 120 நாள் தாமதத்திற்கு ஏறத்தாழ 7,890 ரிங்கிட். "வீட்டின் விலையில்" என்பது விடுபட்டால், கட்டிய பணத்துக்குத்தான் வட்டி என்று குடும்பம் நினைத்துவிடும். 144,000 கட்டியிருந்தால் அந்தக் கணக்கில் 4,734 ரிங்கிட்தான் வரும். மேம்பாட்டாளர் அந்தத் தொகையை நீட்டினால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

தவணையிலும் இதே கவனம் வேண்டும். அடித்தளத்துக்கான தவணை, அந்த வேலை முடிந்த பிறகு கேட்க வேண்டியது. "அடித்தளம் போடும்போது" என்று தமிழில் எழுதினால், தோண்டத் தொடங்கியதுமே பணம் கொடுக்க வேண்டும் என்று ஆகிவிடுகிறது.

ஒப்படைப்பு நாள்தான் மிகச் சிக்கலானது. ஒப்பந்தத்தில், ஒப்பந்தத் தேதியிலிருந்து 36 மாதம் என்று அச்சாகியிருக்கிறது. ஆனால் 2021இல் கூட்டரசு நீதிமன்றம், முன்பணம் வாங்கியிருந்தால் அது கட்டிய நாளிலிருந்தே கெடுவை எண்ண வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இது தெரிந்த மொழிபெயர்ப்பாளர், நல்லெண்ணத்தில் முன்பணத் தேதியையே ஒப்படைப்பு விதிக்குள் எழுதிவிடுவார். அப்படிச் செய்யக் கூடாது. கையெழுத்துப் போடுவது மூலப் பிரதியில்தான். தமிழ்ப் பிரதி வேறு தேதியைச் சொன்னால், பின்னாளில் எது எங்கிருந்து வந்தது என்று குடும்பத்தால் காட்ட முடியாது. விதியை அச்சில் உள்ளபடி எழுதுங்கள். கீழே கோடிட்டு, தீர்ப்பைத் தனிக் குறிப்பாகச் சேருங்கள். முன்பண ரசீதை ஒப்பந்தத்தோடு வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அந்த அக்காவுக்கு அப்படித்தான் புதிதாக எழுதிக் கொடுத்தேன். இரண்டு தேதிகளையும் வழக்கறிஞரிடம் காட்டி, எதை வைத்துக் கேட்பது என்று தெரிந்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன்.