எட்டு வேறு, எய்ட் வேறு

அந்தக் காணொலியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். "நம்ம எட்டைத்தான் வெள்ளைக்காரன் எய்ட்னு வச்சுக்கிட்டான்" என்று அதில் பேசியவர் முழங்கியதையும், கீழே விழுந்த கைதட்டல்களையும் பார்த்துவிட்டேன். நான் அங்கே கேட்டது ஒரே ஒரு கேள்வி: "எய்ட் என்ற சொல்லின் பழைய வடிவம் என்ன?" அதற்குத்தான் துரோகி, கைக்கூலி என்ற பட்டங்கள். கூலியை எங்கே போய் வாங்குவது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும், இதுவரை வந்தபாடில்லை.

பொறுமையாகச் சொல்கிறேன். இரண்டு சொற்கள் இன்றைக்கு ஒரே மாதிரி ஒலிப்பது எதற்கும் சான்று ஆகாது. சொல்லின் வேரைத் தேடுவது என்றால் இன்றைய ஒலியை வைத்துக்கொண்டு ஊகிப்பது அல்ல, அது நடந்து வந்த வழியே பின்னோக்கிப் போவது. உண்மையான உறவு என்றால் பின்னே போகப் போக இரண்டும் நெருங்கும். தற்செயல் ஒற்றுமை என்றால் விலகும்.

எய்ட்டைப் பின்னே கொண்டு போவோம். பழைய ஆங்கிலத்தில் அது 'எஆஹ்ட'. ஜெர்மனில் இன்றும் 'ஆஹ்ட்'. லத்தீனிலும் கிரேக்கத்திலும் 'ஒக்டோ'. லத்தீனில் ககரம் இருக்கும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் தொண்டையிலிருந்து வரும் ஹகரம் வருகிறது. இது இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் செய்த சலுகை இல்லை. இரவுக்கு லத்தீனில் 'நொக்ட்', ஜெர்மனில் 'நாஹ்ட்', ஆங்கிலத்தில் 'நைட்'. நேரானது, சரியானது என்பதற்கு லத்தீனில் 'ரெக்ட்', ஜெர்மனில் 'ரெஹ்ட்', ஆங்கிலத்தில் 'ரைட்'. இந்த மூன்று ஆங்கிலச் சொற்களையும் எழுதும்போது நடுவே உச்சரிக்காத இரண்டு எழுத்துகள் வருமே, பள்ளியில் நம்மைப் பாடாய்ப் படுத்தியவை, அவை செத்துப்போன அந்த ஹகரத்தின் எலும்புகள். ஆக எய்ட்டுக்குள் புதைந்திருப்பது ஒரு ககரம்.

இப்போது நம் எட்டு. எட்டுப் பத்துகள் சேர்ந்தால் எட்டுபது என்றா சொல்கிறோம்? எண்பது. எண்ணூறு. எண்டிசை. கன்னடத்தில் இன்றும் 'எண்டு', தெலுங்கில் 'எனிமிதி'. எட்டுக்குள் புதைந்திருப்பது ஒரு மூக்கொலி. ஒரு பக்கம் தோண்டினால் ககரம், மறுபக்கம் தோண்டினால் ணகரம். பின்னே போகப் போக இரண்டும் விலகுகின்றன. கதை முடிந்தது.

என் சித்தப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். எனக்குத் தமிழ் படிக்கும் ஆசையை ஊட்டியவரே அவர்தான். எடுத்ததும், "நீ எந்தப் பக்கம்டா?" என்றார். பக்கம் எல்லாம் இல்லை சித்தப்பா என்று சொல்லி இதைத்தான் விளக்கினேன். எண்பது, எண்ணூறு என்று அவரே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். "அட, ஆமாம்" என்றார். நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அடுத்து, "சரி, இருந்தாலும் இதையெல்லாம் நாலு பேர் பார்க்கிற இடத்தில சொல்லணுமா?" என்றார். முகம் தெரியாதவர்கள் கொடுத்த பட்டங்களைவிட இது வலித்தது. பொய் என்று தெரிந்த பிறகும் அது நம் பொய் என்பதால் மூடி வைக்க வேண்டும் என்றால், நீங்கள் எனக்குச் சொல்லித் தந்த தமிழ் எது சித்தப்பா?

உடனே ஒருவர் வருவார்: "அப்போ தமிழ்ச்சொல் எதுவும் வெளியே போகவே இல்லையா?" போயிருக்கிறது ஐயா. அதுவும் எவ்வளவு அழகாக! இஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் இஞ்சிக்குப் பெயர் 'சிங்கிவேர'. பின்னால் இருப்பது நம் வேர். முன்னால் இருப்பது இஞ்சி என்றால் அந்தச் சகரம் எங்கிருந்து வந்தது?

இங்கேதான் காணொலிக்காரர்கள் "ஒட்டிக்கொண்டது" என்று தாண்டிப் போவார்கள். மொழியியலாளர்கள் தாண்ட மாட்டார்கள். தமிழில் உயிரெழுத்தில் தொடங்கும் சில சொற்களுக்கு, நடு இந்தியாவில் பேசப்படும் நம் உறவு மொழிகளில் முன்னால் ஒரு சகரம் இருக்கிறது. நம் உப்பு பர்ஜியில் 'சுப்'. நம் ஆறு கோண்டியில் 'சாரூங்'. கொடு என்னும் பொருள் தரும் நம் ஈ, கோலாமியில் 'சீ'. அந்த மொழிகள் காப்பாற்றி வைத்ததை நாம் தொலைத்திருக்கிறோம். ஆகவே இஞ்சியும் ஒரு காலத்தில் 'சிங்கி' போன்ற வடிவில் இருந்தது, அந்தச் சகரம் உதிர்வதற்கு முன்பே, அல்லது அதை உதிர்க்காத ஒரு வழக்கிலிருந்து, சொல் வடக்கே போய்விட்டது என்று கணிக்கிறார்கள். நாம் மறந்துபோன நம் பழைய ஒலி பாலியில் பத்திரமாக இருக்கிறது. எனக்கு இது மயிர்க்கூச்செறியும் செய்தி. உங்களுக்கு எய்ட்தான் வேண்டும் என்றால் நான் என்ன செய்வது?

அங்கிருந்து கிரேக்கத்தில் 'ஜிங்கிபெரிஸ்', பிற்கால லத்தீனில் 'கிங்கிபெர்', பழைய ஆங்கிலத்தில் 'கிங்கிஃபெர்', பழைய பிரெஞ்சின் தாக்கமும் சேர்ந்து கடைசியில் 'ஜிஞ்சர்'. ஒவ்வொரு படியும் எழுத்தில் கிடைக்கிறது. ஆலன் ராஸ் என்பவர் இந்த ஒரு சொல்லுக்காகவே 1952-ல் தனி நூல் எழுதினார். சமஸ்கிருதத்தில் இது 'சிருங்கவேர' ஆனது. சிருங்கம் என்றால் கொம்பு. கிழங்கு கொம்பு மாதிரி இருக்கிறதே, அதனால்தான் அந்தப் பெயர் என்று சொல்லிவிட்டார்கள். நம் காணொலிக்காரரின் மூதாதையர்கள் எல்லா மொழியிலும் இருந்திருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. ஜெர்மனில் இஞ்சிக்கு 'இங்வெர்'. இஞ்சிவேர், இங்வெர்! பார்த்தீர்களா, நேராக நம்மிடமிருந்து ஜெர்மனிக்குப் போயிருக்கிறது என்று நாளையே ஒரு காணொலி வரும். பழைய ஜெர்மனில் அது 'கிங்கிபெரோ'. முதல் மெய்யை அவர்கள் தனியாகத் தொலைத்தார்கள், நாம் தனியாகத் தொலைத்தோம். உண்மையிலேயே உறவுள்ள சொற்களில்கூட, காதுக்குக் கேட்கும் நெருக்கம் ஏமாற்றுகிறது. ஒலி ஒத்திருப்பது சான்று ஆகாது என்று நான் தொண்டை வறளக் கத்துவது இதனால்தான்.

சொல்லாமல் விட்டால் அதையும் பிடித்துக்கொள்வீர்கள்: 'வேர்' நம்முடையது என்றாலும், 'இஞ்சி' என்ற முன்பகுதி திராவிட மொழிகளுக்கே கிழக்காசியப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. வந்திருந்தால் வந்ததுதான். அதனால் என்ன குறைந்துபோயிற்று?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் முறை" என்கிறார்கள். சரி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக்குடும்பம் என்று ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816-ல் எழுதினாரே, 1856-ல் கால்டுவெல் அதை விரித்து நிறுவினாரே, அது எந்த முறை? சொற்களையும் இலக்கணக் கூறுகளையும் அடுக்கி ஒப்பிட்டுப் பார்க்கும் இதே முறைதான். அது தமிழ் தனி என்று சொன்னால் மேடை போட்டுக் கொண்டாடுவீர்கள், எய்ட் நம்முடையது இல்லை என்று சொன்னால் சதியா? ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிய முடியாது. எய்ட்டையும் இஞ்சியையும் ஒரே பட்டியலில் போட்டு நீங்கள் உலகத்திடம் காட்டும்போது, எய்ட்டைப் பார்த்துச் சிரிப்பவன் இஞ்சியையும் சேர்த்துத்தான் சிரித்துவிட்டுப் போகிறான். அந்த நட்டத்தை யார் ஏற்பது? கைக்கூலி நானா?

பட்டங்களை அழிக்கப் போவதில்லை, அப்படியே இருக்கட்டும். இனி யாராவது புதிய சொல்லோடு வந்தால் இரண்டே கேள்விதான் கேட்பேன். இரண்டு பக்கத்திலும் அதன் பழைய வடிவம் என்ன? நீங்கள் சொல்லும் அதே ஒலிமாற்றம் நடந்த வேறு மூன்று சொற்கள் எவை? பதிலோடு வந்தால் உட்கார்ந்து பேசுவோம். "ஒலிக்குதுல்ல?" என்று மட்டும் வந்தால் பதில் போட மாட்டேன்.